பணம் மகன் கணக்கில், ரசீது அப்பா பெயரில்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, தடா வழியாக வரும் புறநகர் ரயில்கள் பல சூளூர்பேட்டையோடு நின்றுவிடும். இறங்குகிற கூட்டத்தில் பாதி தமிழ் பேசும். ஒரு பக்கம் புலிக்காட் ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குப் போகும் சாலை. இன்னொரு பக்கம், தடாவுக்கு மேற்கே, 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை. இந்த இரண்டுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டு வளர்ந்த ஊர் இது. நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. குடிவந்தவர்களின் மாதக் கணக்கு மட்டும் மாறவில்லை: ஐந்தாம் தேதிக்குள் வாடகை, ஜனவரி பிறந்தால் அலுவலகத்திலிருந்து ‘வாடகை ரசீது தரவும்’ என்று ஒரு மின்னஞ்சல்.

அந்த மின்னஞ்சல் வந்ததும் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் ஒரு ரசீதுப் புத்தகம், பன்னிரண்டு ரெவென்யூ ஸ்டாம்ப், ஒரே பேனா, ஒரே சாயங்காலம். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பன்னிரண்டு கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார். அதை ஸ்கேன் செய்து ஏற்றினால் கணக்குப் பிரிவும் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். சிக்கல் அங்கே வருவதில்லை. இரண்டு வருஷம் கழித்து வருமான வரித்துறை, ‘இந்த வாடகை யாருக்கு, எப்படிப் போனது?’ என்று கேட்கும்போது வருகிறது. அப்போது கையில் ரசீது இருக்கும், வங்கி அறிக்கை இருக்கும், ஒப்பந்தப் பத்திரமும் இருக்கும். மூன்றும் மூன்று கதை சொல்லும்.

வீட்டு வாடகைப்படி என்கிற எச்.ஆர்.ஏ. கோரிக்கையில் சான்று இல்லாமல் மாட்டுகிறவர்களைவிட, சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மாட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் ‘எதெல்லாம் வேண்டும்’ என்பதைச் சீக்கிரம் சொல்லிவிட்டு, எது எதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில் கொஞ்சம் நிற்கலாம்.

முதலில் பணம் எவ்வளவு என்று பார்ப்போம். ஸ்ரீசிட்டியில் வேலை, சூளூர்பேட்டையில் இரண்டு படுக்கையறை வீடு என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டு. மாதச் சம்பளம் 90,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 45,000, வீட்டு வாடகைப்படி 18,000. வீட்டு வாடகை 12,000. அகவிலைப்படி தனியாக இல்லை. 2024-25க்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(13ஏ) பிரிவும் 2ஏ விதியும் மூன்று தொகைகளைப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதற்கு மட்டும் வரி விலக்குத் தருகின்றன. முதலாவது, அலுவலகம் தந்த வாடகைப்படி: ஆண்டுக்கு 2,16,000. இரண்டாவது, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கைக் கழித்த மீதி: 1,44,000இலிருந்து 54,000 போக 90,000. மூன்றாவது, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம்: 2,16,000. குறைந்தது 90,000. விலக்கு அவ்வளவுதான்.

சென்னையில் குடியிருந்தால் மூன்றாவது தொகை 50 சதவீதம். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை, குடியிருக்கும் வீடு எங்கே என்பதுதான் கணக்கு. பெரம்பூரில் குடியிருந்து தினமும் ஸ்ரீசிட்டிக்குப் பேருந்தில் போகிறவருக்கு 50, சூளூர்பேட்டையில் இருப்பவருக்கு 40. டீக்கடைகளில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடக்கும். நம் கணக்கில் அந்தப் பத்து சதவீதம் எதையும் மாற்றாது. வாடகை அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால்தான் 40 சதவீத வரம்பு குறுக்கே வரும். இவருக்கு அது 22,500 ரூபாய் வாடகை. அதுவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இரண்டாவது தொகை, அதாவது உண்மையில் கொடுத்த வாடகை. சான்று கேட்பதும் அதற்காகத்தான்.

இவர் திருவண்ணாமலையில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள், வட்டிக்கு 2 லட்சம் கழிவு, சேமநிதி, காப்பீடு எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் 1.5 லட்சம் என்றால், பழைய வரி முறையில் 31,720 ரூபாய் வரி. புதிய முறையில் 52,780. சொந்த ஊரில் வீட்டுக் கடன் இருப்பது வேலை பார்க்கிற ஊரில் வாடகைப்படி கோருவதற்குத் தடை இல்லை. வாடகைப்படி விலக்கு மட்டும் இல்லையென்றால் பழைய முறையின் வரி 50,440 ஆகிவிடும். ஆக, அந்தப் பன்னிரண்டு ரசீதுகளின் மதிப்பு 18,720 ரூபாய். ஒன்றரை மாத வாடகை.

இனி, அந்த 18,720 எங்கே கைநழுவும் என்று பார்க்கலாம்.

சூளூர்பேட்டையில் பல வீடுகள் பெரியவர்கள் பெயரில் இருக்கின்றன. வீட்டுக்காரருக்கு எழுபது வயது, சாதா போன். “வாடகையை மகன் நம்பருக்குப் போட்டுடுங்க தம்பி” என்பார். மகன் பெங்களூரிலோ ஹைதராபாதிலோ இருப்பார். மாதாமாதம் யுபிஐயில் பணம் அவருக்குப் போகும். ஜனவரியில் ரசீதில் கையெழுத்துப் போடுவது அப்பா. ஒப்பந்தம் இறந்துபோன பாட்டி பெயரில் இருக்கும் வீட்டுக்கு, அம்மா கையெழுத்தில். கொடுக்கிற பான் எண் யாருடையதோ. வீட்டில் யாரும் ஏமாற்றவில்லை. நீங்களும் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறீர்கள். ஆனால் வங்கி அறிக்கையில் பன்னிரண்டு முறை வரும் பெயருக்கும், உங்கள் கோரிக்கையில் வீட்டு உரிமையாளர் என்று எழுதிய பெயருக்கும் எழுத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. கேள்வி கேட்கிற அதிகாரிக்கு அந்த மகன் உங்கள் நண்பராகவும் இருக்கலாம்.

இதற்கு முதல் வழி, வாடகையை வீட்டுக்காரரின் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்புவது. அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லாவிட்டால் என்ன, பாஸ்புக் இருக்கும். கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் ஒருமுறை உங்கள் வங்கியில் பயனாளியாகச் சேர்த்துவிட்டால் மாதம் ஒருமுறை என்இஎஃப்டியில் அனுப்பலாம். ஐந்தாம் தேதியானால் தானாகவே போகும்படி நிலையான உத்தரவும் கொடுத்து வைக்கலாம். வீட்டுக்காரர் இதற்கு ஒப்பவே மாட்டார், பணம் மகனுக்குத்தான் போக வேண்டும் என்றால், ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: இந்த வீட்டின் உரிமையாளர் நான், இந்த மாதத்திலிருந்து இந்த வாடகையை என் மகனின் இந்தக் கணக்கில் செலுத்தும்படி கேட்டிருக்கிறேன், அது எனக்கே வந்ததாகும் என்று எழுதி, தேதியோடு கையெழுத்து. ஆண்டின் தொடக்கத்தில் வாங்க வேண்டிய கடிதம் இது. ஜனவரியில் வாங்கினால் அதுவும் திண்ணையில் ஒரே சாயங்காலத்தில் எழுதிய காகிதங்களில் ஒன்றாகிவிடும்.

பெயரிலேயே இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். ஒப்பந்தத்தில் அது ஓர் எழுத்தாகச் சுருங்கியிருக்கும், பான் அட்டையில் முழுதாக விரிந்திருக்கும், வங்கியில் பின்னால் போயிருக்கும். தமிழ்க் குடித்தனக்காரர் தன் வழக்கப்படி முதலெழுத்தும் பெயருமாக ரசீதில் எழுதிவிடுவார். ரசீதிலும் அலுவலகப் படிவத்திலும் பான் அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதிவிட்டால் தீர்ந்தது. எண்ணைக் காதால் கேட்டு எழுதாமல் அட்டையின் நகலைப் பார்த்து எழுதுங்கள். ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து என்று பத்து இடங்கள். நான்காவது எழுத்து தனிநபருக்கு P. அங்கே H இருந்தால் அது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் எண். அப்படியானால் ரசீதும் அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

பான் எப்போது வேண்டும்? ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2013 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கை தொட்டு இந்த வரம்பு இருக்கிறது. மாதத்துக்கு 8,333 ரூபாய். 2024-25இல் இந்த விவரங்களை, 2016 ஜூனில் வந்த 12பிபி என்ற படிவத்தில் அலுவலகத்துக்கு எழுதித் தந்தோம்: வாடகைத் தொகை, வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரி, பான். அது அலுவலகக் கோப்போடு நின்றுவிடுவதில்லை. நிறுவனம் வரித்துறைக்குத் தாக்கல் செய்யும் அறிக்கையில் வீட்டுக்காரரின் பான் எண்ணும் சேர்ந்து போகிறது. அந்தப் பக்கத்தில் அவர் தன் வருமானத்தில் வாடகையைக் காட்டினாரா என்று ஒப்பிடுவது கணினிக்குப் பெரிய வேலை இல்லை. 2020-21ஆம் ஆண்டுக் கணக்குகளில் சிலவற்றை அப்படி ஒப்பிட்டுப் பார்த்ததையும், ஆனால் பழைய கோரிக்கைகளை மொத்தமாகத் திறக்கும் தனி இயக்கம் எதுவும் இல்லை என்பதையும் வாரியமே 2024 ஏப்ரலில் அறிவித்தது.

வீட்டுக்காரர்களுக்கு இது தெரியாது. ஆனாலும் பான் என்றாலே முகம் மாறும். அப்போது குடித்தனக்காரர் கண்டுபிடிக்கிற குறுக்கு வழி, ரசீதில் 12,000க்குப் பதில் 8,300 என்று எழுதிக்கொள்வது. ஆண்டுக்கு 99,600, பான் தேவையில்லை. இது இரண்டு வகையில் தவறு. வங்கியில் 12,000 போயிருக்கிறது, ரசீது 8,300 என்கிறது, ஆகவே நீங்கள் கொடுத்த ரசீது பொய் என்று உங்கள் வங்கி அறிக்கையே சொல்லும். அடுத்தது, விலக்கு 90,000இலிருந்து 45,600 ஆகிவிடும். பாதிப் பணத்தையும் விட்டு, சான்றையும் கெடுத்துக்கொள்கிற வழி.

அதைவிட வீட்டுக்காரரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டலாம். ஆண்டு வாடகை 1,44,000. சட்டம் அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று எந்தப் பில்லும் கேட்காமலே கழிக்கிறது. மீதி 1,00,800. அவருக்கு வேறு வருமானம் அதிகம் இல்லையென்றால் வரியே வராது. அரசு ஓய்வூதியமோ நாலு வீட்டு வாடகையோ வாங்குகிறவர் என்றால் வரலாம், அவர் தயங்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கும். அந்தப் பேச்சை வீடு பார்க்கும் நாளில், முன்பணம் கொடுக்கும் முன் பேசிவிட வேண்டும். குடிபோய் எட்டு மாதம் கழித்துப் பேசினால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது. உண்மையிலேயே பான் இல்லாதவர் என்றால், ‘எனக்குப் பான் இல்லை’ என்று பெயர், முகவரியோடு அவர் எழுதித் தரும் உறுதிமொழியை அலுவலகம் ஏற்கலாம். பான் இருந்தும் தர மறுக்கிறவருக்காக இந்தத் தாளை எழுதி வாங்காதீர்கள். அலுவலகம் விலக்குத் தராவிட்டாலும் வருமான வரிக் கணக்குத் தாக்கலில் நீங்களே கோரலாம். வாடகை வங்கி வழியாகப் போயிருந்தால் அதற்கு முதுகெலும்பு இருக்கும்.

தொகை பொருந்தாமல் போவது இன்னும் சாதாரணமாக நடக்கும். வாடகை 12,000, தண்ணீர் மோட்டாருக்கும் கரன்ட்டுக்கும் 870 என்று சேர்த்து 12,870 அனுப்புவோம். அடுத்த மாதம் 13,140. ஒப்பந்தம் 12,000, ரசீது 12,000, வங்கியில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு தொகை. மின்கட்டணமும் பராமரிப்பும் வாடகை ஆகாது. ஆகவே வாடகையைத் தனியாக, முழுத் தொகையாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் `RENT JUN 2024` என்று மாதத்தோடு எழுதுங்கள். ஜூலை ஐந்தாம் தேதி போன பணம் ஜூனுக்கா ஜூலைக்கா என்ற குழப்பம் அதோடு போகும். வீட்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் மின்கட்டணத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல் மின்வாரியத்துக்கு நீங்களே செலுத்துவது நல்லது. அந்தச் சர்வீஸ் எண்ணுக்கு மாதாமாதம் உங்கள் கணக்கிலிருந்து போன கட்டணம், நீங்கள் அந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்பதற்கு யாரிடமும் கையெழுத்து வாங்கத் தேவையில்லாத சாட்சி.

குடியிருந்ததற்கும் சாட்சி வேண்டுமா என்றால், மும்பை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் 2017இல் முடிந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஓர் ஊழியர் தன் தாய்க்கு வாடகை கொடுத்ததாக விலக்குக் கோரினார். ரசீதுகள் இருந்தன. கொடுத்தது எல்லாம் ரொக்கம். ஒப்பந்தம் இல்லை, அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வங்கித் தடயம் இல்லை, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் என்று அவர் அங்கே வாழ்ந்ததைக் காட்டும் எதுவும் இல்லை. தாய்க்கு வாடகை கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, ரொக்கமாகக் கொடுப்பதையும் தடுக்கவில்லை. ஆனாலும் ரசீதை மட்டும் வைத்து நம்ப முடியாது என்று தீர்ப்பாயம் கோரிக்கையை நிராகரித்தது. ஆக, ரசீது என்பது வாங்கினவர் சொல்கிற சொல். வங்கி அறிக்கை மூன்றாவது ஆள் சொல்கிற சொல். எது எடுபடும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை.

ஒரு மாதம் ரொக்கமாகத்தான் கொடுக்க நேர்ந்தது என்றால், அதே நாளில் ஏடிஎம்மில் வாடகைக்குச் சரியான தொகையை எடுத்துக் கொடுங்கள். ரசீதில் ‘ரொக்கம்’ என்று எழுதி ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு அந்த ஸ்டாம்ப் வேண்டும். வங்கி வழியாகக் கொடுத்ததற்குத் தேவையில்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஒரு ரூபாய்க்கு அந்த வாதம் வேண்டாம், ஒட்டிவிடலாம். வங்கி வழி மாதங்களின் ரசீதில் பரிமாற்ற எண்ணை, அதாவது யுடிஆர் எண்ணை, எழுதிவிடுங்கள். ரசீதையும் வங்கி அறிக்கையின் வரியையும் கட்டிப்போடுவது அந்த எண்தான். இதற்காகவே ரசீதை மாதாமாதம் வாங்க வேண்டும். ஜனவரியில் உட்கார்ந்து பன்னிரண்டு எண்களைத் தேடி எழுதும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

யுபிஐ செயலியின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேமித்து வைப்பவர்கள் நிறைய. அது உதவிக்கு நல்லது, சான்றாக அதை மட்டும் நம்பக் கூடாது. போன் மாறும், எண் மாறும், செயலியில் பழைய வரலாறு கிடைக்காமல் போகும். ஏப்ரல் பிறந்ததும் வங்கித் தளத்திலிருந்து முந்தைய நிதியாண்டின் முழு அறிக்கையை இறக்கி, வாடகை வரிகளைக் குறித்து, ரசீதுகளோடு ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். வேலை மாறுகிறவர்கள் சம்பளக் கணக்கையும் மூடிவிடுவார்கள். மூடிய கணக்கின் அறிக்கைக்குக் கிளைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதை. வழக்கப்படி எல்லோரும் பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். ஜனவரியில் எழுதியது நவம்பரில் முடிந்திருக்கும், குடியிருப்பு தொடரும், ரசீது மார்ச் வரை இருக்கும். கடைசி நான்கு மாதத்துக்கு ஒப்பந்தமே இருக்காது. புதுப்பிக்கும்போது வாடகை 500 ரூபாய் ஏறியிருந்தால் அந்த மாதத்திலிருந்து ரசீதிலும் பரிமாற்றத்திலும் 500 ஏற வேண்டும்.

வீட்டைக் காலி செய்கிற மாதம்தான் பெரும்பாலோர் கோட்டை விடுவது. முன்பணம் 36,000 கொடுத்திருப்போம். கடைசி இரண்டு மாத வாடகையை அதில் கழித்துக்கொள்ளச் சொல்வோம், 24,000. வெள்ளையடிக்க 3,000 பிடித்துக்கொள்வார். மீதி 9,000 திரும்பி வரும். அந்த இரண்டு மாதத்துக்கு வங்கியில் உங்கள் பக்கத்திலிருந்து எந்தப் பரிமாற்றமும் இருக்காது, ஆனாலும் வாடகை கொடுத்ததாகவே அர்த்தம். அதைக் காட்டுவது வீட்டுக்காரர் எழுதித் தரும் கணக்குத் தாள் மட்டும்தான்: முன்பணம் இவ்வளவு, இந்த இரண்டு மாத வாடகைக்கு 24,000, வெள்ளையடிப்புக்கு 3,000, திருப்பித் தந்தது 9,000. அந்த 3,000 வாடகை இல்லை, கோரிக்கையில் சேரக் கூடாது. 9,000ஐ வங்கி வழியாகவே திருப்பி வாங்குங்கள். ஆரம்பத்தில் கொடுத்த 36,000 வங்கி வழியாகப் போயிருந்தால் இந்தத் தாளின் இரண்டு முனையும் வங்கியில் ஊன்றி நிற்கும். சாவி கொடுக்கும் முன் இதை வாங்கிவிட வேண்டும். புனேவுக்கு மாற்றலாகிப் போனபின் சூளூர்பேட்டை வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் எத்தனை பேருக்கு இன்னும் வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புதிய வரி முறையில் வாடகைப்படிக்கு விலக்கே கிடையாது. 2025-26ஆம் ஆண்டிலிருந்து அந்த முறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரி வராது. நாம் கணக்குப் போட்ட 90,000 ரூபாய்ச் சம்பளக்காரர் அந்த ஆண்டில் ஒரு ரசீதும் இல்லாமலே வரியின்றிப் போய்விடுவார். ஜனவரி மின்னஞ்சலைப் பார்த்து அவர் திண்ணைக்கு ஓடத் தேவையில்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்கி, வீட்டுக் கடன் வட்டியும் கட்டி, சென்னையில் 30,000, 40,000 என்று வாடகையும் கொடுக்கிறவர்கள் மட்டும் இரண்டு முறையிலும் வரியைப் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் அந்தத் தேர்வு போய்விடும். இணையத் தாக்கலில் இப்போது அடிப்படைச் சம்பளம், கிடைத்த வாடகைப்படி, கொடுத்த வாடகை, 40 சதவீத ஊரா 50 சதவீத ஊரா என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

ஆனால் நம் சூளூர்பேட்டைக்காரர் 2024-25க்குக் கோரிய 90,000 ரூபாய் விலக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. சாதாரணமாக அந்த ஆண்டின் கணக்கை மறுபடி திறக்க வரித்துறைக்கு 2029 ஜூன் வரை அவகாசம் உண்டு. கோரிக்கை பொய் என்று முடிவானால் வரி, வட்டி போக, அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமும் வரலாம். ஆகவே அந்த ஆண்டின் ஒப்பந்தம், ரசீதுகள், வங்கி அறிக்கை, 12பிபி நகல், வீட்டுக்காரரின் பான் நகல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, மேலே ‘2029 ஜூன் வரை’ என்று எழுதி வைக்கட்டும்.